வளவில் நடந்தபடி எடுத்த ஷாட்: நடுக்கம் போனால் தூண் ஏன் நெளிகிறது?

கேள்வி: காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில், கிம்பல் இல்லாமல் கேமராவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, முகப்பிலிருந்து நிலைவாசல் தாண்டி வளவு வழியாக இரண்டாங்கட்டு வரை நடந்தே 24 விநாடி ஷாட் ஒன்று எடுத்தேன். 24 மி.மீ. லென்ஸ், 4கே, விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. பிரீமியர் ப்ரோவில் Warp Stabilizer போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் படம் ரொம்ப உள்ளே வந்துவிட்டது, முன்னால் சீர்த்தட்டு ஏந்திப் போகும் அத்தையின் தலை வெட்டுப்படுகிறது, தூண்களெல்லாம் நெளிகின்றன. வெட்டும் நெளிவும் இல்லாமல் நடுக்கத்தை மட்டும் எடுக்க முடியுமா? கடைசியில் 1080இல்தான் கொடுக்கப் போகிறேன்.

பதில்:

வெட்டே இல்லாமல் எடுக்க முடியாது. நெளிவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம், ஆனால் அதற்கு நடுக்கத்தில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிடச் சம்மதிக்க வேண்டும். எந்தப் பகுதியை விடுவது, எதை எடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதபோது மென்பொருள் தன் இயல்பு அமைப்பின்படி எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்கிறது. உங்கள் ஷாட்டில் நடந்திருப்பது அதுதான்.

முதலில் ஓரத்தைப் பார்ப்போம். நிலைப்படுத்தல் என்பது, கேமரா எந்தப் பக்கம் ஆடியதோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஒவ்வொரு பிரேமையும் நகர்த்தி வைப்பது. பிரேம் இடப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்க ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும், ஏனென்றால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை அந்த நொடியில் கேமரா பதிவு செய்யவே இல்லை. அந்தப் பட்டையை மறைப்பதற்காகப் படம் முழுவதும் பெரிதாக்கப்படுகிறது. 3840க்கு 2160 பிக்சல் படத்தை 115 விழுக்காடாகப் பெரிதாக்கினால், பக்கவாட்டில் இருபுறமும் தலா 250 பிக்சலும், மேலும் கீழும் தலா 140 பிக்சலும் பார்வையிலிருந்து போய்விடும், அதாவது அந்த அளவுக்குப் பிரேமை நகர்த்த இடம் கிடைக்கும். மேலும் கீழும் கிடைக்கும் இடம் பக்கவாட்டில் கிடைப்பதைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். நடக்கும்போது வரும் குலுக்கலில் பெரும்பங்கு மேலும் கீழுமானது, அத்தையின் தலை இருப்பதும் மேல் ஓரத்தில்தான்.

கேமரா சாய்ந்து சுழல்வதற்கு ஆகும் செலவு இதைவிட அதிகம், பலர் அதைக் கணக்கில் கொள்வதில்லை. 16க்கு 9 விகிதப் படத்தை ஒரு கோணம் திருப்பி நேராக்கினால், நான்கு மூலைகளிலும் கறுப்பு தெரியாமலிருக்கத் தேவையான பெருக்கம் இவ்வளவு:

```
s = cos θ + (16/9) × sin θ
```

ஒரு பாகைச் சாய்வுக்கு இது ஏறத்தாழ 103 விழுக்காடு, 2 பாகைக்கு 106, 3 பாகைக்கு 109. காலை ஊன்றும்போது மணிக்கட்டு 3 பாகை திரும்புவது ஒன்றும் அரிதன்று. மேற்பக்க, பக்கவாட்டு நகர்வுக்கான பெருக்கம் இதன்மேல் தனியாக வந்து சேரும்.

இதில் உங்களைப் பாதித்த செய்தி வேறொன்று. Framing என்ற இடத்தில் இயல்பாக இருக்கும் Stabilize, Crop, Auto-scale என்ற தேர்வு, கிளிப் முழுவதற்கும் ஒரே பெருக்கத்தைத்தான் வைக்கிறது, அந்தப் பெருக்கத்தை முடிவு செய்வது கிளிப்பிலேயே மிக மோசமான பிரேம். நிலைவாசலைத் தாண்டக் காலைத் தூக்கி வைத்தபோது விழுந்த ஒரு பெரிய குலுக்கலுக்காக, அமைதியாக இருக்கும் மற்ற 20 விநாடியும் சேர்ந்து வெட்டுப்படுகின்றன. எஃபெக்ட் அமைப்புகளில் Auto-scale என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இப்போது எத்தனை விழுக்காடு பெருக்கியிருக்கிறது என்ற எண் தெரியும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி தூண்களுக்கு வருவோம். கையில் பிடித்த கேமராவின் அசைவில் இரண்டு வகை உண்டு. கேமரா இருந்த இடத்திலேயே மேலோ கீழோ பக்கவாட்டிலோ திரும்புவது ஒரு வகை. கேமராவே இடம்பெயர்வது இன்னொரு வகை. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆட்டமாகத் தோன்றினாலும், நிலைப்படுத்தும் கணக்கில் இவை முற்றிலும் வேறானவை.

உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கலாம். முழு பிரேம் சென்சாரின் 36 மி.மீ. அகலமும் பயன்பட்டிருந்தால், 24 மி.மீ. லென்ஸின் குவியத்தூரம் 4கே படத்தில் 2560 பிக்சலுக்குச் சமம். கேமரா ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பினால், படத்தின் நடுப்பகுதியில் இருக்கும் எல்லாப் பொருள்களும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், ஏறத்தாழ 45 பிக்சல் நகரும். எல்லாம் சேர்ந்து ஒன்றாக நகர்வதால், பிரேம் முழுவதையும் 45 பிக்சல் திருப்பி வைத்தால் போதும். எதுவும் நெளியாது. மாறாக, நடக்கும்போது உடல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சாய்வதால் கேமரா 3 செ.மீ. இடம்பெயர்ந்தது என்று கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள தூண் படத்தில் 77 பிக்சல் நகரும். பதினைந்து மீட்டர் தொலைவில் உள்ள இரண்டாங்கட்டுச் சுவர் 5 பிக்சல்தான் நகரும். இந்தப் பிரேமை எவ்வளவு திருப்பி வைப்பது? 77 வைத்தால் சுவர் துள்ளும், 5 வைத்தால் தூண் ஆடும். ஒரே நகர்த்தலில் இரண்டையும் சரிசெய்யும் வழியே கிடையாது. வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கும் வளவு, நிலைப்படுத்தலுக்கு அமையக்கூடிய மிகக் கடினமான இடங்களுள் ஒன்று.

Warp Stabilizer எஃபெக்டில் Method என்ற இடத்தில் இயல்பாக இருக்கும் Subspace Warp இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சிஎஸ்5.5 பதிப்பில் 2011இல் இது முதலில் இடம்பெற்றது. படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணித்து, படத்தை ஒரு வலையாகப் பிரித்து, வலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக இழுத்தும் சுருக்கியும் அந்தப் புள்ளிகளை உரிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. தூணை 77 பிக்சலும் சுவரை 5 பிக்சலும் நகர்த்துவது இவ்வாறு இயலும். ஆனால் தூணின் விளிம்பில் இந்த இரண்டு நகர்த்தல்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் சந்திக்கின்றன. வலை கிழிய முடியாது என்பதால் இடைப்பட்ட இடம் ரப்பரைப்போல் இழுபடுகிறது, தூணின் விளிம்பு அதோடு சேர்ந்து வளைகிறது. அடுத்த அடியில் உடல் மறுபக்கம் சாயும்போது இழுபடும் திசையும் மாறுகிறது. நீங்கள் பார்க்கும் நெளிவு பெரும்பாலும் இதுதான். பாறை, மரக்கூட்டம், கடற்கரை போன்ற நேர்கோடற்ற காட்சிகளில் இதே அளவு வளைவு இருந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தூணும் உத்தரமும் கட்டமிட்ட தரையும் இருக்கும் வீட்டில் அது உடனே கண்ணில் குத்தும்.

இன்னொரு நெளிவும் இதோடு கலந்திருக்கலாம், அதன் காரணம் மென்பொருள் அன்று, கேமரா. சென்சார் ஒரு பிரேமை மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைவரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. முழுவதையும் படிக்க 20 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அது விநாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் ஒரு பிரேமுக்குரிய நேரத்தில் பாதி. அடுத்தடுத்த பிரேம்களுக்கிடையே படம் 40 பிக்சல் பக்கவாட்டில் நகரும் குலுக்கலில், தூணின் அடி அதன் தலையைவிட 20 பிக்சல் தள்ளிப் பதிவாகும், அதாவது தூண் சாய்ந்தே பதிவாகும். மேலும் கீழும் குலுங்கும்போது தூண் நீண்டும் குறுகியும் பதிவாகும். மூலக் காட்சியில் படம் முழுவதும் ஆடுவதால் இந்தச் சாய்வு தெரிவதில்லை. நிலைப்படுத்தியபின் படம் ஓரிடத்தில் நிற்கும்போது, நிற்கும் படத்துக்குள் தூண் மட்டும் அசைவது பளிச்சென்று தெரிகிறது.

இரண்டில் உங்களுடையது எது என்று பிரித்தறிவது எளிது. Method என்ற இடத்தை Position என்று மாற்றிப் பாருங்கள். இந்தத் தேர்வு பிரேமை அப்படியே நகர்த்துமேயன்றி வளைக்காது. நெளிவு முழுவதும் மறைந்தால் அது வலை செய்த வேலை. தூண்கள் வளையாமல், உத்தரங்கள் கிடையாகவே நிற்க, தூண்கள் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால் அது சென்சார் படிக்கும் வேகத்தால் வந்தது. அதற்கு Advanced பகுதியில் Rolling Shutter Ripple என்ற அமைப்பில் Enhanced Reduction என்பதைப் போட்டுப் பார்க்கலாம். அது Subspace Warp, Perspective ஆகிய முறைகளோடுதான் வேலை செய்யும் என்பதால், தூண் வளைவுக்குப் பயந்து எளிய முறைக்குப் போனவர்களுக்கு அது கிடைக்காது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், பெரும்பாலான நடை ஷாட்டுகளில் சாய்வைச் சகித்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

மென்பொருள் எதைப் பின்தொடர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அத்தை பிரேமில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு நடந்தால், பட்டுச் சேலையின் சரிகையும் தட்டின் விளிம்பும் நல்ல வெளிச்ச வேறுபாடு உள்ளவை என்பதால் புள்ளிகள் அங்கேயே மொய்க்கும். அப்போது மென்பொருள் அவரையே அசையாப் பொருளாகக் கருதி, அவர் நடையின் ஏற்ற இறக்கத்தை வீட்டின் மீது ஏற்றிவிடும். அத்தை மிதப்பவர்போல் சீராகப் போக, அவருக்குப் பின்னால் வீடு ஏறி இறங்கினால் நடந்திருப்பது இதுவே. ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் தொல்லைதான். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால், தொலைவில் கட்டங்கள் சிறிதாகத் தெரியும் இடத்தில் ஒரு கல்லின் பூவைப் பக்கத்துக் கல்லின் பூவென்று மென்பொருள் தவறாகப் பொருத்தக்கூடும். அதன் விளைவு தொடர்ந்த நெளிவு அன்று, ஓரிரு பிரேமில் வரும் திடீர்த் துள்ளல். மெருகேறிய தரையில் தெரியும் தூணின் பிரதிபலிப்பும் தரையோடு சேர்ந்து நகராது என்பதால் அதுவும் புள்ளிகளைக் குழப்பும்.

இனிச் செய்ய வேண்டியது. போட்டிருக்கும் எஃபெக்டை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் டைம்லைன் 1080ஆக இருந்தால், அதற்குள் வைத்த 4கே கிளிப்பின்மீது எஃபெக்டை நேரடியாகப் போட முடியாது, கிளிப்பின் அளவும் டைம்லைனின் அளவும் பொருந்த வேண்டும் என்று கேட்கும். அப்போது பலரும் Nest செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உருவாகும் உள் டைம்லைனும் 1080ஆகவே இருக்கும், படம் முதலில் 1080ஆகச் சுருங்கி அதன்பின் பெரிதாக்கப்படுவதால் கூர்மை போய்விடும். அதற்குப் பதிலாக, மூலக் கிளிப்பை வலது கிளிக் செய்து New Sequence From Clip கொடுத்து 4கே டைம்லைன் ஒன்றை உருவாக்கி, நிலைப்படுத்தலை அங்கே முடித்து, அந்த டைம்லைனை 1080க்குள் வைத்து 50 விழுக்காடாகச் சுருக்குங்கள். 4கேயில் 120 விழுக்காடு பெருக்கினாலும் 3200க்கு 1800 பிக்சல் மிஞ்சுகிறது, 1080க்கு அது தாராளம். கூர்மையில் இழப்பு இல்லை, இழப்பது பார்வைப் பரப்பை மட்டுமே. இருபத்துநான்கு மி.மீ. லென்ஸ் 29 மி.மீ. லென்ஸ்போல் ஆகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளலாம்.

அந்த 4கே டைம்லைனில் எஃபெக்டைப் போட்டு, Framing என்ற இடத்தை Stabilize Only என்று மாற்றி ஷாட்டை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பெருக்கமும் வெட்டும் இல்லாமல், பிரேமின் ஓரங்கள் கறுப்புப் பின்னணியில் எப்படி அலைகின்றன என்பது அப்படியே தெரியும். கறுப்பு எங்கே மிக ஆழமாக உள்ளே வருகிறதோ, அந்த இடமே ஷாட் முழுவதையும் வெட்ட வைத்த இடம். உங்கள் ஷாட்டில் அது நிலைவாசல் என்றே எதிர்பார்க்கிறேன். அது எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடிகிறது என்று குறித்துக்கொண்டு, எஃபெக்டை நீக்கிவிட்டுக் கிளிப்பை அந்த இரண்டு இடங்களிலும் வெட்டி மூன்று துண்டாக்குங்கள். வெட்டியபிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே எஃபெக்டைப் போட்டு ஆராய விடுங்கள். முகப்புத் துண்டும் வளவுத் துண்டும் இப்போது தங்களுக்குத் தேவையான அளவு மட்டும் பெருக்கத்தை எடுத்துக்கொள்ளும். நிலைவாசல் துண்டை நிலைப்படுத்தாமலே விட்டுவிடலாம் என்பது என் யோசனை. ஒருவர் படியைத் தாண்டி உள்ளே நுழைகிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும், அங்கே வரும் ஒரு குலுக்கல் உறுத்தாது.

துண்டுகள் சேரும் இடத்தில் சட்டகம் சற்றே தாவும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு பெருக்கத்திலும் வேறு நகர்த்தலிலும் நிற்கிறது. பெருக்கத்தை மட்டும் சமன்செய்யலாம். ஒன்று 112, மற்றொன்று 106 என்றால், இரண்டாவதில் Additional Scale என்பதை ஏறத்தாழ 105.7 வைத்தால் இரண்டும் ஒன்றாகும். நகர்த்தலில் உள்ள வேறுபாட்டை இப்படிச் சரிக்கட்ட முடியாது. நிலைக்கதவின் மரச்சட்டம் பிரேமை மறைக்கும் நொடியில் வெட்டை வைத்தாலோ, இரண்டு துண்டுகளுக்கிடையே மணப்பெண்ணின் முகமோ விளக்கோ உள்ள வேறு ஷாட் ஒன்றை ஒன்றரை விநாடி செருகினாலோ தாவல் தெரியாது.

அடுத்து முறை. Position என்பதில் தொடங்கி, சாய்வு இன்னும் உறுத்தினால் மட்டும் Position, Scale, Rotation என்பதற்குப் போங்கள். Smoothness இயல்பாக 50 விழுக்காட்டில் இருக்கும், அதை 10க்குக் கொண்டுவந்து பாருங்கள். நடக்கும் ஷாட்டுக்கு 8 முதல் 15க்குள் பெரும்பாலும் போதும். இந்த எண்ணைக் கூட்டக் கூட்ட, மென்பொருள் வேகமான குலுக்கலோடு நில்லாமல், நீங்கள் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பிய திருப்பங்களையும் நேராக்கப் பார்க்கும். ஓரத்தை மிகுதியாகத் தின்பது அந்த மெதுவான நகர்வுதான், குலுக்கல் அன்று. அப்படியும் பெருக்கம் கூடுதலாக இருந்தால் Crop Less <-> Smooth More என்ற அமைப்பைக் குறைக்கலாம். வளவின் ஒரு பகுதியில் அத்தை தொலைவிலும் தூண்கள் ஓரங்களிலும் இருக்கிறார்கள், அங்கே எளிய முறையில் ஆட்டம் தாங்க முடியவில்லை என்றால், அந்தத் துண்டுக்கு மட்டும் Subspace Warp வைத்து Smoothness 5 கொடுத்துப் பாருங்கள். வலை கொஞ்சமாக இழுபடும்போது வளைவும் கொஞ்சமாகவே இருக்கும்.

வளைவு தாங்கக்கூடியதா என்று சரிபார்க்க, திரையில் தூணின் விளிம்பையொட்டி ஒரு நேர்க்கோட்டு வழிகாட்டியை வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. நீங்களே பலமுறை பார்த்த ஷாட்டில் நெளிவு பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமலே போகும், கோடு இருந்தால் தப்பாது.

அத்தையின் மீது புள்ளிகள் மொய்த்திருந்தால் மேற்சொன்ன எந்த எண்ணும் உதவாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருந்தால் அந்தத் துண்டை அங்கே கொண்டுபோய், Advanced பகுதியில் Show Track Points என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்தொடரப்படும் புள்ளிகள் படத்தின் மீது தெரியும். Auto-delete Points Across Time என்பதும் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அத்தையைச் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுத்து Delete அழுத்தினால், அவர்மீது உள்ள அதே புள்ளிகள் முன்பின் பிரேம்களிலும் நீங்கும். பத்துப் பதினைந்து பிரேம் தள்ளிப் போய், புதிதாக முளைத்தவற்றையும் நீக்குங்கள். தரையில் உள்ள பிரதிபலிப்புகளுக்கும் இதே வைத்தியம்தான். சுவர், உத்தரம், தொலைவுத் தூண்கள் ஆகியவற்றின் மீது உள்ள புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தால், கணக்கு வீட்டைப் பற்றிக்கொண்டு நிற்கும், அத்தை தம் இயல்பான நடையில் போவார்.

வெட்டே வேண்டாம் என்பவர்களுக்காக Framing இடத்தில் Stabilize, Synthesize Edges என்றொரு தேர்வு உண்டு. கறுப்பாக வரும் ஓரத்தை அது முன்பின் பிரேம்களிலிருந்து எடுத்து ஒட்டி நிரப்புகிறது. ஓரத்தில் வெறும் சுவர் இருந்தால் நன்றாகவே வரும். ஓரத்தில் ஆட்கள் நடமாடினால் பாதிக் கையும் இரட்டைத் தோளும் தோன்றி மறையும். கல்யாண வீட்டில் ஓரம் எப்போது காலியாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வளைக்கவே தெரியாத மென்பொருள் ஒன்று இந்த ஷாட்டுக்கு மேலாக அமையலாம். ffmpeg கருவியோடு, libvidstab சேர்த்துத் தொகுக்கப்பட்ட பதிப்பில் வரும் vidstab வடிகட்டி, பிரேமை நகர்த்தவும் திருப்பவும் மட்டுமே செய்யும். எனவே தூண் ஆடலாமே தவிர, அது வளைத்ததாக இருக்காது. இலவசம் என்பதும் ஒரு வசதி. முதல் கட்டளை நடுக்கத்தை அளந்து ஒரு கோப்பில் எழுதும், இரண்டாவது அதைப் படித்துத் திருத்தும்.

```
ffmpeg -i valavu.mp4 -vf vidstabdetect=shakiness=6:accuracy=15:result=valavu.trf -f null -

ffmpeg -i valavu.mp4 -vf vidstabtransform=input=valavu.trf:smoothing=12:optzoom=0:zoom=6:crop=black,unsharp=5:5:0.8:3:3:0.4 -c:v libx264 -crf 16 -c:a copy valavu-s.mp4
```

இதில் smoothing=12 என்பது ஒரு பிரேமுக்கு முன் 12, பின் 12, அதனோடு சேர்த்து 25 பிரேம்களை வைத்துச் சராசரிப் பாதையைக் கணிக்கச் சொல்கிறது, உங்கள் ஷாட்டில் அது சரியாக ஒரு விநாடி. ஒருவர் சாதாரணமாக நடக்கையில் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைப்பார். அடிக்கு ஒருமுறை வரும் மேல்கீழ்க் குலுக்கல் அரை விநாடியில் முடிகிறது, இடமும் வலமுமான சாய்வு இரண்டு அடிக்கு ஒருமுறை, அதாவது ஒரு விநாடியில் முடிகிறது. ஆகவே சராசரி எடுக்கும் காலம் ஒரு விநாடிக்குக் குறைந்தால் சாய்வு பிடிபடாது. பன்னிரண்டில் தொடங்கி, போதவில்லை என்றால் 20 வரை கூட்டிப் பாருங்கள். optzoom=0 என்பது தானாகப் பெருக்குவதை நிறுத்துகிறது, zoom=6 என்பது நீங்களே 6 விழுக்காடு என்று வரம்பு கட்டுவது. crop=black என்று வைத்தால் அந்த 6 விழுக்காட்டுக்குள் அடங்காத பிரேம்களில் கறுப்பு தெரியும், எத்தனை இடத்தில் தெரிகிறது என்று பார்த்து zoom எண்ணைக் கூட்டலாம். இயல்பாக இருக்கும் crop=keep, கறுப்பு வரவேண்டிய இடத்தில் முந்தைய பிரேமின் ஓரத்தையே விட்டுவைக்கிறது. சோதிக்கும்போது அது குறையை மறைத்துவிடும், இறுதியாக எடுக்கும்போது ஓரத்தில் இழுவிய கறைபோல் தெரியும். கடைசியில் வரும் unsharp, நகர்த்தித் திருப்பியதில் போன கூர்மையைச் சற்று மீட்பதற்கு. டாவின்சி ரிசால்வ் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள Perspective, Similarity, Translation ஆகிய மூன்றில் Translation என்பதில் தொடங்கி இதே வழியில் போகலாம்.

எந்த மென்பொருளாலும் திருத்த முடியாத ஒன்று மிஞ்சும். ஷட்டர் 1/50 என்பது ஒரு பிரேமின் நேரத்தில் பாதி. பிரேமுக்கு 40 பிக்சல் நகர்ந்த குலுக்கலில், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் மட்டும் படம் 20 பிக்சல் இழுவிப் பதிந்திருக்கும். நிலைப்படுத்தியபின் அசைவு போகும், ஆனால் அந்த இழுவல் அந்தப் பிரேமிலேயே உறைந்து நிற்கும். ஆகவே நிற்கும் படம் ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை மங்கி மங்கித் தெளியும். இதைப் பார்த்ததும் Smoothness எண்ணைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் மங்கல் இன்னும் துலக்கமாகத் தெரியுமே தவிரக் குறையாது. இங்கே செய்யக்கூடியது எதிர்மாறானது. Smoothness எண்ணைக் குறைத்து, கொஞ்சம் அசைவைத் திரும்ப விட்டுவைத்தால், மங்கலுக்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, உறுத்தல் குறைகிறது.

அடுத்த கல்யாணத்தில் நடந்து எடுக்கப் போவதாக இருந்தால் ஷட்டரை 1/100 வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 இரண்டிலும் விளக்குகள் மினுங்காது, இழுவல் பாதியாகும். வெளிச்சம் பாதியாகும் என்பதால் ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்க வேண்டிவரும், வளவின் நடுமுற்றத்தில் பகல் ஒளி இருக்கும்போது அது பெரிய சுமையன்று. தலைக்கு மேல் சாதாரணமாக விடுவதைப்போல் இருமடங்கு இடம் விட்டுச் சட்டகம் அமையுங்கள், வெட்டு அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் கேமரா கைரோ அசைவுத் தரவையும் வீடியோவோடு பதிவு செய்யும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருள் அந்தத் தரவை வைத்தே நிலைப்படுத்தும். படத்தைப் பார்த்து ஊகிக்காததால் அத்தையாலும் டைல்ஸாலும் ஏமாறாது, சென்சார் வரிசை வரிசையாகப் படிப்பதால் வரும் சாய்வையும் கணக்கிட்டு நிமிர்த்தும். ஆனால் அதுவும் கேமரா திரும்பியதைத்தான் திருத்தும். உடல் சாய்ந்ததால் வந்த அந்த 3 செ.மீ. இடப்பெயர்வை, முழங்காலைச் சற்று மடக்கி, அடியைச் சிறிதாக வைத்து, எடுக்கும்போதே குறைத்தால்தான் உண்டு.